"இது உத்தியோகபூர்வமானதல்ல" என்று எழுத ஏன் தயங்குகிறோம்?

வாப்பா கட்டாரில் வேலை. குடும்பமும் அங்கே போகப் போகிறது. அங்குள்ள பாடசாலை பிள்ளையின் கடைசித் தேர்ச்சி அறிக்கையை ஆங்கிலத்தில் கேட்கிறது. உடனே அறிக்கையைப் போனில் படம் பிடித்து, மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, வந்ததை ஈமெயிலில் அனுப்பிவிடுகிறோம். அவசரத்துக்கு அப்படி அனுப்புவதை ஆசிரியர்களாகிய நாங்கள் பிழையென்று சொல்லமாட்டோம். அது என்ன வகைப் பிரதி என்று சொல்லாமல் அனுப்புவதுதான் பிழை.

ஏன் என்று பாருங்கள். நம் அறிக்கையிலுள்ள சொற்கள் பலவற்றுக்கு இந்தியத் தமிழில் வேறு பொருள் உண்டு. நமக்குத் "தவணை" என்றால் பாடசாலைத் தவணை. அங்கே கடன் கட்டும் தவணை. நமக்கு "வரவு" என்றால் பாடசாலைக்கு வந்த நாட்கள், அங்கே வருமானம். நமக்குச் "சித்தி" என்றால் பாஸ். அங்கே உம்மாவின் தங்கை. "அதிபர்" கையொப்பமிட்ட இடத்தில் நாட்டின் ஜனாதிபதி கையொப்பமிட்டதாகச் செயலி எழுதினாலும் ஆச்சரியமில்லை. இதைவிட ஆபத்தானது கையெழுத்துப் புள்ளிகள். வகுப்பாசிரியர் எழுதிய 61, படத்தில் 67 ஆகிவிடலாம். சொற்பிழையைப் பார்த்தால் யாருக்கும் புரியும். இலக்கப் பிழை கண்ணில் படாது.

தரம் 8 படிக்கும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் தவணையில் கணிதத்துக்கு 61. அனுப்பிய படத்தில் 67. அந்தப் பாடசாலை படத்தை அச்செடுத்துப் பிள்ளையின் கோப்பில் வைக்கிறது. இரண்டு மாதம் கழித்து, முறைப்படி செய்த மொழிபெயர்ப்பு 61 என்று போய்ச் சேர்கிறது. கோப்பில் இரண்டு தாள்கள், இரண்டு புள்ளிகள். முதல் ஈமெயிலில் விளக்கம் இல்லையென்றால் அது செயலியின் பிழையாகத் தெரியாது, பெற்றோர் புள்ளியை மாற்றியதாகவே தெரியும். விளக்கம் இருந்தால் அது கேள்வியே இல்லாமல் முடியும்.

அந்த ஈமெயிலுக்கு ஐந்தாறு வசனம் போதும். ஆங்கிலத்தில் எழுதுங்கள், கருத்து இப்படி இருக்கட்டும்: "எங்கள் மகளின் தரம் 8 இரண்டாம் தவணை அறிக்கையின் படத்தையும், அதன் ஆங்கில வடிவத்தையும் இணைத்துள்ளோம். ஆங்கில வடிவம் போன் செயலியால் செய்யப்பட்டது. உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்பு அல்ல. புள்ளிகளை மூலத்துடன் ஒப்பிட்டுத் திருத்தி, திருத்திய இடங்களைக் குறித்துள்ளோம். வகுப்பைத் தீர்மானிப்பதற்கு மாத்திரம் தற்காலிகமாக இதைப் பாருங்கள். இறுதி அனுமதிக்கு எந்த வகை மொழிபெயர்ப்பும் அத்தாட்சியும் வேண்டுமென அறியத் தாருங்கள்." இந்த வசனம் கடைசியில் சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கக் கூடாது, முதற்பந்தியிலேயே வரவேண்டும். ஈமெயில் ஒருவரிடமும் இணைப்பு வேறொருவரிடமும் போய்விடும் என்பதால், கோப்பின் பெயரையும் `Unofficial-Translation-Grade8-Term2.jpg` என்று வையுங்கள். மூலப் படத்தைக் கட்டாயம் சேர்த்து அனுப்புங்கள்.

சிலர் அந்த ஆங்கில அச்சைக் கொண்டுவந்து, "சேர், இதில் ஒரு சீல் அடித்துத் தாருங்கள்" என்கிறார்கள். மறுத்தால் மனம் நோகிறது. பாடசாலையின் சீல், இந்தப் பதிவு எங்களுடையது என்பதற்குத்தான் சாட்சி. யாரோ செய்த மொழிபெயர்ப்பு சரியென்பதற்கு அது சாட்சியாக முடியாது. பிழையான தாளில் சீல் விழுந்தால் அந்தப் பிழையும் உத்தியோகபூர்வமாகிவிடும். அதற்குப் பதிலாக, பிள்ளையின் புள்ளிகளை ஆங்கிலத்தில் கடிதத் தலைப்பில் எழுதித் தர முடியுமா என்று அதிபரிடம் கேளுங்கள். அது மொழிபெயர்ப்பல்ல, பாடசாலையே தரும் ஆவணம்.

உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகவேண்டும். அவர் தன் கையொப்பத்தையும் முத்திரையையும் இட்டுப் பொறுப்பேற்கிறார். வெளிநாட்டுப் பாடசாலை அத்தாட்சியும் கேட்டால் வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவு இருக்கிறது. விடுகைப் பத்திரம் போன்றவற்றை அங்கே கொண்டுபோக முன்னர் கல்வித் தரப்பின் உறுதிப்படுத்தல் தேவைப்படும். இதற்கெல்லாம் காசும் நாளும் செலவாகும். அதனால்தான் முதலில் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்கிறோம். தவணை அறிக்கைக்கு இவ்வளவும் தேவையில்லை என்று அந்தப் பாடசாலையே சொல்லிவிடவும் கூடும்.

"உத்தியோகபூர்வமானதல்ல என்று நாமே எழுதினால் தூக்கி எறிந்துவிடுவார்களே" என்று பயப்படாதீர்கள். பல மொழிப் பிள்ளைகளைச் சேர்க்கும் பாடசாலைக்கு இது பழகிய விடயம். சீல் இல்லாத தாளைப் பார்த்தவுடனேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும். நாம் முந்திச் சொன்னோமா, அவர்கள் கேட்ட பிறகு சொன்னோமா என்பதுதான் வித்தியாசம்.