ஏடு தொலைந்தால் இன்கிரிமெண்டும் தொலையுமா?

ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பின் மத்திய சர்க்காரின் பென்ஷன்தாரர்களுக்கு 2.57 மடங்கு கிடைத்துவிட்டது என்று தம்பட்டம் அடித்தார்கள். அந்த 2.57இல் 2.25 பாகம், பழைய பென்ஷனும் அதன் மேல் ஏற்கெனவே கொடுத்து வந்த 125 சதவீதப் பஞ்சப்படியும்தான். மெய்யான உயர்வு நூற்றுக்குப் பதினான்கு! இது போகட்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவருக்குப் பென்ஷனை எப்படி நிர்ணயம் செய்தார்கள் என்பதுதான் நாம் இங்கே பார்க்க வேண்டிய விஷயம்.

ஒரு மேல்நிலைக் குமாஸ்தாவை எடுத்துக்கொள்வோம். 33 வருஷ சர்வீஸ் முடித்து 2003இல் ஓய்வு பெற்றார். சம்பள விகிதம் 4000-100-6000. கடைசிப் பத்து மாதமும் வாங்கிய அடிப்படைச் சம்பளம் 5,000 ரூபாய். பென்ஷன் அதில் பாதி, 2,500.

2006இல் ஆறாவது கமிஷன் வந்தது. இவருடைய பென்ஷனை 2.26ஆல் பெருக்கி 5,650 ஆக்கினார்கள். 2016இல் அதை மறுபடி 2.57ஆல் பெருக்கினார்கள். 14,521 ரூபாய். இது பெருக்கல் வழி.

இதே 5,000 ரூபாய்ச் சம்பளத்தில் 2006இல் வேலையில் இருந்த குமாஸ்தாவுக்கு என்ன செய்தார்கள்? 1.86ஆல் பெருக்கி 9,300, அதற்கு மேல் கிரேடு பே 2,400, ஆக 11,700. அதில் பாதி 5,850. ஓய்வு பெற்றவருக்கு வந்ததோ 5,650. அதாவது 200 ரூபாய் துண்டு விழுந்தது 2016இல் அல்ல, 2006இலேயே! பத்து வருஷம் கழித்து 2.57ஆல் பெருக்கியபோது அந்தப் பள்ளமும் சேர்ந்து பெருகியது.

பென்ஷன்தாரர்களின் சங்கங்கள் இடைவிடாமல் வற்புறுத்திய பிறகு, 12-5-2017இல் வேறொரு உத்தரவு வந்தது. ஓய்வு பெற்றவர் இன்னும் வேலையில் இருப்பதாகப் பாவித்து, ஒவ்வொரு கமிஷனிலும் அவர் சம்பளத்தை ஏட்டளவில் நிர்ணயித்துக்கொண்டே வர வேண்டும். கடைசியில் வருவதில் பாதி பென்ஷன். பெருக்கல் வழியா, இந்த வழியா, எது அதிகமோ அது. நம் குமாஸ்தாவுக்கு 11,700ஐ 2.57ஆல் பெருக்கினால் 30,069. நான்காம் லெவல் அட்டவணையில் அதற்கடுத்த படி 30,500. பென்ஷன் 15,250. மாதம் 729 ரூபாய் கூடுதல், 1-1-2016 முதல். அதற்கு முந்திய பத்து வருஷத்தில் இழந்ததற்கு நிலுவை கிடையாது.

ஆனால் கமிஷன் சிபார்சு செய்தது இதுவும் அல்ல. ஓய்வு பெற்றபோது இருந்த சம்பள விகிதத்தில் ஒருவர் எத்தனை இன்கிரிமெண்ட் வாங்கினாரோ, புதிய லெவலின் ஆரம்பத்திலிருந்து அத்தனை படி ஏற்றிக் கணக்கிடு என்றது கமிஷன். நம் குமாஸ்தா 4,000இல் தொடங்கி 5,000க்கு வந்தவர் என்றால் பத்து இன்கிரிமெண்ட். 25,500லிருந்து பத்துப் படி ஏறினால் 34,300. பென்ஷன் 17,150! கிடைத்ததோ 15,250. மாதம் 1,900 ரூபாய் எங்கே போயிற்று?

எல்லோருக்கும் பழைய சர்வீஸ் புத்தகம் கிடைக்காது, ஆகையால் இது நடைமுறை சாத்தியமில்லை என்றார்கள். பதவி உயர்வில் நடுப்படியில் நுழைந்தவர் அந்த விகிதத்தில் எத்தனை இன்கிரிமெண்ட் பெற்றார் என்பது புத்தகத்தைப் பார்த்தால்தான் தெரியும். இதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் புத்தகத்தைக் காப்பாற்ற வேண்டியவர் யார்? ஆபீஸா, குமாஸ்தாவா? புத்தகம் இருக்கிறவர்களுக்காவது கொடுத்திருக்கலாமே! ஏடு இல்லாதவரைக் காட்டி, ஏடு இருப்பவருக்கும் இல்லை என்பது என்ன நியாயம்?

2025இல் எட்டாவது கமிஷனை அமைத்த அதே சர்க்கார், அதே ஆண்டின் நிதிச் சட்டத்தில் பென்ஷன்தாரர்களிடையே ஓய்வு பெற்ற தேதியை வைத்துப் பாகுபாடு செய்யும் அதிகாரத்தையும் எழுதிக்கொண்டது. முன்பு ஓய்வு பெற்றவருக்கும் பின்பு ஓய்வு பெற்றவருக்கும் ஒரே நிர்ணய முறை வேண்டும் என்று சங்கங்கள் இப்போதே கமிஷன் முன் வைக்க வேண்டும். இன்கிரிமெண்ட் கணக்கையும் விடக்கூடாது.

அதுவரை, 2016க்கு முன் ஓய்வு பெற்ற தோழர்கள் ஒரு காரியம் செய்யலாம். 31-12-2015இல் இருந்த அடிப்படைப் பென்ஷனை, கம்யூடேஷன் கழிப்பதற்கு முந்திய முழுத் தொகையை, 2.57ஆல் பெருக்கிப் பாருங்கள். இன்றைய அடிப்படைப் பென்ஷனும் அதுவாகவே இருந்தால், 2017 உத்தரவின்படி திருத்தம் நடக்காமலே விட்டுப்போயிருக்கக்கூடும். பாங்கியில் கேட்டுப் பயனில்லை. திருத்திய உத்தரவு வராமல் அது கொடுக்காது. ஓய்வு பெற்ற ஆபீசுக்குக் கடைசிச் சம்பளம், சம்பள விகிதம், பென்ஷன் ஆர்டர் எண் மூன்றையும் குறித்து எழுதி, எந்தெந்தக் கமிஷனில் என்ன தொகை நிர்ணயித்தீர்கள் என்ற விவரத்தாளைக் கேளுங்கள்.