ரேட் கேட்டவருக்கு ஒரு தாள்

என் அண்ணன் மகள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிறாள். லயத்துக் குசினியில் சமைப்பதைக் கைப்பேசியில் படம் பிடித்து, இரண்டு ஆண்டுகளாக இன்ஸ்டகிராமில் போட்டு வருகிறாள். முந்தின ஆண்டுத் தீபாவளிக்கு முன்பு பட்டணத்து மசாலைக் கடைக்காரர் ஒருவர் அவளைக் கூப்பிட்டு, "எங்க தூளை வச்சு ஒரு வீடியோ செய்து தரணும். உன் ரேட் என்னம்மா?" என்று கேட்டார். பெண்ணுக்கு வாய் வரவில்லை. "நீங்களே பார்த்துக் கொடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டாள். அவரும் பார்த்துத்தான் கொடுத்தார்: ஐம்பது வெள்ளி, நாலு பொட்டலம் தூள். பிறகு அந்த வீடியோவைத் தம் கடைப் பக்கத்தில் போட்டு, காசு கட்டி, ஆறு மாதம் விளம்பரமாக ஓட்டினார். கேட்க அவளிடம் எழுத்து ஒன்றும் இல்லை.

இவ்வாண்டு வேறொரு கம்பெனியிலிருந்து, "மீடியா கிட் இருக்கிறதா?" என்று செய்தி வந்தது. "அத்தே, அப்படின்னா என்ன?" என்று எனக்குப் போன் போட்டாள். வேறொன்றுமில்லை. நீ யார், உன் வீடியோவை யார் பார்க்கிறார்கள், எதைப் பற்றிச் செய்கிறாய், என்ன வாங்குவாய் என்பதை ஒரே பக்கத்தில் சொல்லும் தாள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து அதை எழுதினோம்.

முதலில் அவள் எழுதி வைத்திருந்த வரியைப் பார்த்தேன். "சமையல், அழகுக் குறிப்பு, பயணம், குழந்தை வளர்ப்பு." ஏனம்மா இத்தனை என்றேன். எல்லாம் இருந்தால்தானே எல்லாரும் கூப்பிடுவார்கள் என்றாள். அது தப்புக் கணக்கு. தூள் விற்கிறவருக்குத் தம் தூள் எந்த வீடியோவில் உட்காரும் என்று பார்த்ததும் தெரிய வேண்டும். அவள் போட்ட வீடியோக்களை எண்ணிப் பார்த்ததில் மூன்றே வகைதான் தேறின: பத்து வெள்ளிக்குள் நாலு பேர் சாப்பாடு, தோட்டத்துக் கீரையும் கருவாடும், பண்டிகைப் பலகாரம். அந்த மூன்றை மட்டும் எழுதினோம்.

அடுத்தது பார்ப்பவர் விவரம். இதை மனத்தால் எழுதக் கூடாது. இன்ஸ்டகிராம் கணக்கைத் தொழில் கணக்காக மாற்றிக்கொண்டால் Professional dashboard என்று ஓர் இடம் வரும். மாற்றுவதற்குக் காசு கிடையாது. அதற்குள் Insights என்பதைத் திறந்தால், பின்தொடர்பவர்கள் எந்த நாடு, எந்த ஊர், என்ன வயது, ஆணா பெண்ணா என்று நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கில் காட்டும். அவளுக்கு மொத்தம் 4,300 பேர். அதில் மலேசியாவில் இருப்பவர்கள் நூற்றுக்கு 58. தமிழ்நாட்டிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் பார்ப்பவர்கள் மீதி. இந்த 58-ஐத்தான் தாளில் பெரிதாகப் போடச் சொன்னேன். ஈப்போவிலிருந்து தூள் அனுப்பும் கடைக்கு மதுரையில் இருப்பவர் வாடிக்கையாளர் ஆக மாட்டார். 4,300-ஐ மட்டும் போட்டால் ஆள் ஏமாந்து வரலாம், ஒரு முறைதான் வருவார்.

பிறகுதான் சிக்கல் வந்தது. ஒரு வீடியோவை எத்தனை பேர் பார்க்கிறார்கள்? அவள் பெருமையாக, "சராசரி ஏழாயிரத்து ஐந்நூறு!" என்றாள். கடைசிப் பத்து வீடியோக்களின் எண்ணிக்கையைச் சிறியதிலிருந்து பெரியதாக எழுதச் சொன்னேன். 900, 1,100, 1,250, 1,400, 1,500, 1,700, 1,900, 2,100, 2,600, 61,000. கூட்டிப் பத்தால் வகுத்தால் 7,545 வருவது உண்மைதான். ஆனால் அந்த ஒற்றை 61,000 எப்படியோ ஓடிவிட்ட கருவாட்டுக் குழம்பு வீடியோ. அதை விட்டால் ஒன்றுகூட மூவாயிரத்தைத் தொடவில்லை! வரிசையின் நடுவில் நிற்கும் 1,500-க்கும் 1,700-க்கும் இடைப்பட்ட 1,600-தான் அவள் தைரியமாகச் சொல்லக்கூடிய எண். தாளில், "வழக்கமாக 1,600 பார்வை, கடைசிப் பத்து வீடியோவின் நடுக்கணக்கு" என்று எழுதினோம். முகம் சுருங்கிவிட்டது பிள்ளைக்கு. ஏழாயிரம் என்று சொல்லி 1,400 வந்தால் கடைக்காரர் முன்னால் எப்படி நிற்பாய் என்றேன். கருவாட்டுக் குழம்பை மறைக்கவும் வேண்டாம், "அதிகபட்சம் 61,000" என்று கீழே சின்னதாக ஒரு வரி போட்டோம்.

இனி விலை. பெரிய ஆட்கள் என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்து விலை வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம் செலவிலிருந்து ஏற வேண்டும். ஒரு வீடியோவுக்குச் சமைத்துப் பார்க்க இரண்டு மணி, படம் பிடிக்க மூன்று மணி, வெட்டி ஒட்ட மூன்று மணி, பேச்சுவார்த்தைக்கு ஒரு மணி. மொத்தம் ஒன்பது மணி நேரம். 2025-இல் வந்த 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒரு மணிக்கு எட்டு வெள்ளிச் சொச்சம் விழுகிறது. இவளுக்குச் சொந்தக் கைப்பேசி, சொந்த விளக்கு, வேலை இல்லாத நாளும் உண்டு. ஆகவே மணிக்குப் பதினைந்து என்று வைத்தோம். அது 135. சாமான் 35, இன்டர்நெட் 10. ஆக 180. ஒரு தடவை திருத்தம் கேட்பார்கள், அதற்கு 20. இருநூறு வெள்ளி. அந்த ஐம்பது வெள்ளியில் சாமான் செலவு போக மிஞ்சியது என்ன என்று அவளே கணக்குப் போட்டுப் பார்த்து வாயடைத்துப் போனாள்.

தாளில் இப்படி எழுதினோம்: ஒரு வீடியோ 200. மூன்று வீடியோ சேர்த்து 540. இதில் ஒரு தடவை திருத்தம் அடக்கம், அடுத்ததற்கு 30. வீடியோவைக் கடைக்காரர் காசு கட்டி விளம்பரமாக ஓட்டினால் மாதம் 100 தனி. அவள் வேறு மசாலையைத் தொடக் கூடாது என்று கேட்டால் அதுவும் மாதம் 100 தனி. பாதிப் பணம் முன்கூட்டி. வீடியோ செய்வது ஒரு விலை, அதை ஓட்டுவது வேறு விலை என்பதுதான் முந்தின தடவை எழுதாமல் விட்ட வரி.

மருந்தும் இளைக்கும் தூளும் ஏற்பதில்லை என்றும் ஒரு வரி சேர்த்தோம். மலேசியாவில் மருந்து விளம்பரத்துக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாரியத்தின் அனுமதி வேண்டும். அந்த வம்பு நமக்கெதற்கு?

தாளின் மேல் மூலையில் தேதி. எண்கள் மாறிக்கொண்டே இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அன்றைக்கே Insights பக்கத்தைத் திரையோடு படம் எடுத்துக் கைவசம் வைக்கச் சொன்னேன். அது தாளுக்குள் போவதில்லை, கேட்டால் காட்டுவதற்கு. வாட்ஸ்அப் எண்ணும் மின்னஞ்சலும் போதும், வீட்டு முகவரியும் ஐ.சி. எண்ணும் வேண்டாம். முடிந்ததும் PDF ஆக்கித் தன் அம்மாவின் பழைய கைப்பேசிக்கு அனுப்பிப் பார்த்தாள். விலை எழுதிய இடம் எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது. தன் படங்களில் இரண்டை எடுத்துவிட்டு எழுத்தைப் பெரிதாக்கினாள். தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று. கம்பெனிக் கிராணிக்குத் தமிழ் தெரியும் என்று யார் சொன்னது?

அனுப்பிய மூன்றாம் நாள் பதில் வந்தது. மூன்று வீடியோ வேண்டும், 400 வெள்ளிதான் கொடுக்க முடியும் என்றார்கள். "என்ன செய்யட்டும் அத்தே?" என்றாள். விலையில் கை வைக்காதே, வேலையைக் குறை என்றேன். 400-க்கு இரண்டு வீடியோ என்று எழுதி அனுப்பினாள். சரி என்றவர்கள், அதை ஒரு மாதம் விளம்பரமாக ஓட்டலாமா என்றும் கேட்டார்கள். தாளின் ஐந்தாவது வரியைப் பாருங்கள் என்று பதில் போட்டிருக்கிறாள்.