பன்னீர் தண்ணீரும் புரோட்டீன் டப்பாவும்

போன வாரம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பன்னீர் வடித்த தண்ணீரை இரண்டு டம்ளர் மடமடவென்று குடித்தாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு.

"என்னடி இது?" என்றேன்.

"ஜிம்முக்குப் போறானே உங்க மகன், அவன்தான் சொன்னான் அக்கா. அவன் டப்பாவில் வாங்குகிற வே புரோட்டீன் இதுதானாம்."

பாதிதான் உண்மை. அந்தப் பாதிதான் வம்பு.

பசும்பால் ஒரு லிட்டரில் சுமார் 32 கிராம் புரதம். ஐந்தில் நான்கு பங்கு கேசின், மீதி வே. எலுமிச்சைச் சாறு பட்டதும் திரிவது கேசின்தான். வே புளிப்புக்கு அசையாது. ஆனால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி, சூட்டுக்கு இறுகும். நாம் பன்னீருக்குப் பாலை நன்றாகக் கொதிக்கவிடுகிறோம் அல்லவா? அப்போதே வே புரதத்தில் பெரும்பகுதி கேசினோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு சாறு விட்டால் இரண்டும் சேர்ந்தே துணியில் தங்கிவிடும். ஆக, அவள் தேடிய வே பன்னீருக்குள்ளேதான் இருக்கிறது.

டப்பாவுக்குப் போவது பெரும்பாலும் சீஸ் ஆலையில் வடியும் தண்ணீர். அங்கே பாலைக் கொதிக்கவிடுவதில்லை. ஏறக்குறைய 30 டிகிரி வெதுவெதுப்பில் ரென்னெட் என்னும் நொதியைச் சேர்த்து உறையவைக்கிறார்கள். கேசின் மட்டும் கட்டியாகும், வே தண்ணீரோடு வெளியேறும். அதை நுண்ணிய சவ்வுகளில் வடிகட்டி, பால் சர்க்கரையைப் பெரும்பாலும் நீக்கி, உலர்த்தினால் மாவு. அந்தச் சர்க்கரையை நீக்குகிற வேலை நம் அடுப்படியில் நடப்பதில்லையே!

தங்கையின் டம்ளரைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 200 மில்லி பன்னீர் தண்ணீரில் புரதம் ஒரு கிராம் தேறினால் பெரிது. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை 10 கிராம் பக்கம். இரண்டு டம்ளருக்கு 20. அதே ஒரு டம்ளர் பாலிலும் அவ்வளவு சர்க்கரை உண்டுதான், ஆனால் கூடவே ஆறு கிராமுக்கு மேல் புரதமும் கிடைக்கும். கடையில் பழச்சுவையோடு விற்கும் வே பானங்களில் பெரும்பாலும் இதற்கு மேலும் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். லேபிளைத் திருப்பிப் பாருங்கள்.

வடிந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். தெளிந்த இளம் பச்சையாக இருந்தால் பன்னீர் சரியாக வந்திருக்கிறது (அந்தப் பச்சை, பி2 வைட்டமின்). பால் மாதிரி வெள்ளையாகக் கலங்கியிருந்தால் கேசின் அதிலேயே நிற்கிறது, புளிப்பு போதவில்லை. அடுத்த முறை இன்னும் நாலு சொட்டுச் சாறு விடுங்கள்.

தண்ணீரைக் கொட்ட வேண்டாம். சப்பாத்தி மாவு பிசையுங்கள், ரசத்தில் சேருங்கள். டப்பா மாவை விஷம் என்று சொல்லும் கட்சி நானில்லை. இரண்டும் ஒன்று என்று சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

தங்கை இப்போது டம்ளரை விட்டுவிட்டுப் பன்னீரைச் சாப்பிடுகிறாள். என் மகன்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.