1,500 வாட் ஏ.சி. ராத்திரி முழுக்க ஓடினால் 12 யூனிட்டா? கிராஃப் சொல்றது வேற கணக்கு!

இ.பி. ரீடிங் எடுத்துட்டுப் போனதும் வீட்ல முதல் சந்தேகம் ஏ.சி. மேலதான் விழும். "1,500 வாட், எட்டு மணி நேரம், அப்போ தினமும் 12 யூனிட்" என்று யாராவது ஒருத்தர் கணக்குப் போட்டுவிடுவார். இரண்டு மாதத்துக்கு 720 யூனிட். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் கணக்கிடும் முறையே மாறிவிடும் என்பதால், இந்த எண் கொஞ்சம் பயமுறுத்தத்தான் செய்யும்.

ஆனால் அந்தக் கணக்கு, ஏ.சி. ராத்திரி முழுக்க ஒரே சீராக 1,500 வாட் இழுக்கிறது என்று நம்பிக்கொண்டு போட்டது. ஸ்மார்ட் பிளக் மாட்டி ஆப்பைத் திறந்தால் வேற படம் தெரியும். 1.5 டன் இன்வெர்ட்டர் ஏ.சி. ஒன்றின் இரவு கிராஃபை எடுத்துக்கொள்வோம் (எண்களைக் கணக்குக்கு வசதியாக முழுமையாக்கியிருக்கிறேன்). 10 மணிக்கு ஆன் செய்ததும் அரை மணி நேரம் 1,500 வாட். அறை குளிரக் குளிர, அடுத்த ஒரு மணி நேரத்தில் கோடு சீராகச் சரிந்து 500 வாட்டுக்கு வருகிறது. அதன் பிறகு காலை 6 மணி வரை 500 வாட்டை ஒட்டியே போகிறது.

இங்கே செலவான மின்சாரம் கோட்டின் உயரம் இல்லை. கோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்பு. முதல் அரை மணி நேரம் ஒரு செவ்வகம்: 1,500 × 0.5 = 750. சரிவுப் பகுதியின் சராசரி உயரம் 1,000, அகலம் ஒரு மணி நேரம்: 1,000. மீதி ஆறரை மணி நேரம்: 500 × 6.5 = 3,250. கூட்டினால் 5,000.

5,000 என்ன? இங்கதான் ப்ளஸ் டூவில் நாம கவனிக்காம விட்ட விஷயம் வருது. தொகையீட்டை E = ∫ P dt என்று எழுதும்போது, கடைசியில் இருக்கும் dt சும்மா அலங்காரத்துக்கு ஒட்டியிருப்பதாகத்தான் நான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். உண்மையில் கிடை அச்சின் அலகைச் சுமந்து வருவதே அதுதான். ஒவ்வொரு சின்னத் துண்டின் பரப்பும் உயரம் பெருக்கல் அகலம், அதாவது வாட் பெருக்கல் மணி. எல்லாத் துண்டுகளையும் கூட்டினாலும் அலகு அதேதான்: வாட்-மணி. 5,000 வாட்-மணி என்றால் 5 கிலோவாட்-மணி. அதைத்தான் பில்லில் 5 யூனிட் என்கிறோம். இரண்டு மாதத்துக்கு 300. 720 இல்லை.

"மணிக்கு 1.5 கிலோவாட் இழுக்குது" என்று சொல்வதும் இதனால்தான் தப்பு. வாட் என்பதே வேகம், நொடிக்கு ஒரு ஜூல். பைக் மீட்டரில் 60 கி.மீ. வேகம் காட்டுவது மாதிரி. எவ்வளவு தூரம் போனோம் என்று தெரிய அதை நேரத்தால் பெருக்கணும், வகுக்கக் கூடாது. கிராஃபின் கிடை அச்சு நிமிடத்தில் இருந்தால் பரப்பு வாட்-நிமிடத்தில் வரும். நம்ம உதாரணத்தில் அது 3,00,000. அதைப் பார்த்துப் பதற வேண்டாம், 60-ஆல் வகுத்தால் அதே 5,000தான்.

இன்னொன்றையும் கவனிங்க. பயமுறுத்துவது ஆரம்பத்தில் இருக்கும் உச்சி, ஆனால் 5 யூனிட்டில் 3.25 யூனிட் அந்த நீளமான, தாழ்வான வாலில் இருக்கிறது. ஃபில்டர் அடைத்திருந்தாலோ கதவு இடுக்கு வழியே குளிர் போனாலோ வால் 500-க்கு இறங்காமல் 800-லேயே நிற்கலாம். அப்போது அதே இரவுக்கு 7.1 யூனிட், இரண்டு மாதத்துக்கு 426. உச்சி மாறவே இல்லை, ஆனால் பில் ஏறிடுச்சு.

ஆப் காட்டும் எண்ணை அப்படியே நம்பலாமா? அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை மட்டும் வாட்டைக் குறித்து, இடையில் கோடு இழுக்கிறதென்றால், ஆன்-ஆஃப் ஆகிக்கொண்டே இருக்கும் பழைய ஏ.சி. அல்லது ஃபிரிட்ஜ் விஷயத்தில் பரப்பு தவறாக வரலாம். சரிபார்க்க வீட்டு மீட்டரே போதும். அதில் மினுக்கும் சின்ன விளக்குக்குப் பக்கத்தில் 3200 imp/kWh மாதிரி ஒரு எண் இருக்கும். ஒரு யூனிட்டுக்கு 3,200 மினுக்கு என்று அர்த்தம், அதாவது ஒவ்வொரு மினுக்கும் 0.3125 வாட்-மணி பரப்பு. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எண்ணுங்கள். 10 மினுக்குக்கு 22.5 நொடி ஆனால், ஏ.சி. அப்போது இழுப்பது சரியாக 500 வாட். ஆப்பில் 350 என்று காட்டினால், சந்தேகப்பட வேண்டியது பிளக்கைத்தான்.