பேச்சாளர் கையில் ஒரு தாள்

டெங்கு நுளம்பைப் பற்றி 12 படவில்லைகளுடன் பேசவிருந்த மாணவி ஒருத்தி, வாசியாது பேச வழி கேட்டாள். படவில்லைகளின் தலைப்புகளையே தாளில் எழுதி வைத்திருந்தாள். திரையில் உள்ளதைத் தாளும் சொன்னாற் பயனென்ன? ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குச் செல்லுமிடத்திலேதான் நா தடுமாறும். ஆகவே இணைக்கும் சொற்களை மட்டும் பெரிய எழுத்தில் எழுதச் செய்தோம். முட்டையைக் காட்டும் படத்துக்கும் தொட்டி தேய்க்கும் படத்துக்கும் இடையே, “நீர் வற்றினும் முட்டை சாகாது, ஆகையால்” என்று குறித்தாள். முதல் வாக்கியம், இறுதி வாக்கியம், எண்கள் ஆகியவற்றை முழுமையாக எழுதினாள். பின்பு திரையை அணைத்துப் பேசச் சொன்னோம். தடுமாறிய இடங்களில் ஒரு சொல்லைச் சேர்த்தோம். தாளைப் பாராமலே கடந்த இடங்களிற் குறிப்பை அடித்துவிட்டோம். எஞ்சியது ஒரே பக்கம்.