பல்லாவரத்துக் கல்லும் பட்டியல் போட்டவரும்

தாம்பரம் – பீச் மின்சார ரயிலில் தினமும் பல்லாவரத்தைக் கடக்கிறவள் நான். இந்தியாவின் கற்கால ஆராய்ச்சி தொடங்கியது இந்த ஊரில்தான் என்பது, எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

1863, மே 30. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டுக்கு அப்போது 28 வயது. பல்லாவரம் ராணுவ மைதானத்தில் சரளைக்காகத் தோண்டியிருந்த குழியில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. நாமாக இருந்தால் மிதித்துவிட்டுப் போயிருப்போம். ஆற்றில் உருண்ட கல் எல்லாப் பக்கமும் மழமழவென்று இருக்கும். தானாக உடைந்த கல்லில் உடைப்பு தாறுமாறாக இருக்கும். இதிலோ இரண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்து, இரு முகமும் சேருகிற ஓரத்தைக் கூராக்கியிருந்தார்கள். சில்லு பெயர்ந்த ஒவ்வோர் இடத்திலும் சிப்பியின் உட்புறம் போல ஆழமில்லாத பள்ளம். கற்கால மனிதனின் கைக்கோடரி அது!

அடுத்த நான்கே மாதத்தில் சக ஊழியர் வில்லியம் கிங்குடன் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்தையும் கண்டுபிடித்தார் ஃபூட். பிறகு தென்னிந்தியா முழுக்க அலைந்து கல் சேர்த்தார். என்னைக் கவர்ந்தது அதற்கப்புறம் அவர் செய்த வேலைதான். சென்னை அருங்காட்சியகத்தில் ஏற்கெனவே இருந்த தொல்பொருள்களுக்கு அவர் எழுதிய பட்டியல் 1901-ல் வந்தது. 1904-ல் அவருடைய சொந்தச் சேகரிப்பும் அங்கே வந்து சேர்ந்தது. அதற்கும் அவரே விளக்கப் பட்டியல் எழுதினார். 1912-ல் ஃபூட் இறந்தார். அச்சான புத்தகம் 1914-ல்தான் வெளிவந்தது. பாவம், கையில் எடுத்துப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அழகான கல், சுமாரான கல் என்று அவர் பிரிக்கவில்லை. எந்த மாவட்டம், எந்த ஊர் என்று கிடைத்த இடத்தை வைத்தே அடுக்கினார். சேகரித்து வந்த கல்லுக்கு இடம்தான் ஆதாரம். சீட்டு தொலைந்தால் கைக்கோடரி என்பது மட்டும் தெரியும். எந்த மண்ணடுக்கில் கிடந்தது, உடன் என்ன கிடந்தது, எவ்வளவு பழசு என்று திரும்பிப்போய்ப் பார்க்க வழியே இருக்காது. அத்திரம்பாக்கத்துக்கு அப்படித் திரும்பிப் போக முடிந்தது. சாந்தி பப்பு குழுவினர் அங்கே முறையாக அகழாய்வு செய்து, கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011-ல் அறிவித்தார்கள்.

பல்லாவரம் குழியைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். டீக்கடையில் விசாரித்தால், "எந்தக் குழிம்மா, மெட்ரோ வாட்டர் குழியா?" என்று கேட்டார் கடைக்காரர்.

எழும்பூருக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போனால், கண்ணாடிக்குள் இருக்கும் கல்லின் ஓரத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இரு பக்கமும் சில்லு எடுத்த பள்ளங்களை எண்ணட்டும். பிறகு பக்கத்தில் இருக்கும் ஊர்ப் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள்.