உங்கள் கடிதத்தைக் குப்பைக்கு அனுப்பியது எந்தச் சொல்?

ஓர் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் கழகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கழக மாணவர்கள் கிள்ளான் ஆற்றில் மூன்று இடங்களில் நீர் எடுத்து, அதில் அம்மோனியா எவ்வளவு கலந்திருக்கிறது என்று சோதித்திருக்கிறார்கள். முடிவுகளைக் கண்காட்சியாக வைக்க வேண்டும். அதற்கு நடுவராக வர ஒரு வேதியியல் வல்லுநர் தேவை. செலவுக்குக் கைகொடுக்கச் சில நிறுவனங்களும் தேவை. இணையத்தில் தேடி 120 முகவரிகளைத் திரட்டி, எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சலை ஒரே மாலையில் அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு வாரங்கள் ஓடிவிட்டன. ஒரு பதிலும் இல்லை.

‘பள்ளிப் பிள்ளைகள்தானே என்று யாரும் மதிக்கவில்லை’ என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது தவறான முடிவாக இருக்கலாம். கடிதம் யார் கண்ணிலும் படாமல், ஸ்பேம் என்று நாம் சொல்லும் குப்பை அஞ்சல் பெட்டிக்குப் போயிருக்கலாம். முகவரி தவறாக இருந்தால் பெரும்பாலும் அஞ்சல் திரும்பி வரும். குப்பைப் பெட்டிக்குப் போனாலோ அனுப்பியவருக்கு எந்தத் தகவலும் வராது. மறுப்பும் மௌனமும் ஒன்றுபோலத் தோன்றுவதால், நல்ல முயற்சி ஒன்று அங்கேயே நின்றுவிடுகிறது.

இதற்குத் தீர்வாக இணையத்தில் ஓர் ஆலோசனை உலவுகிறது. ‘இலவசம்’, ‘அவசரம்’, ‘பரிசு’ போன்ற சொற்களை எழுதாதீர்கள் என்று நீண்ட பட்டியல் தருவார்கள். அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வது வீண் வேலை என்பது என் கருத்து. வடிகட்டி எப்படிக் கணக்குப் போடுகிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

சொற்களின் எடை

2002ஆம் ஆண்டு, பால் கிரஹாம் என்ற அமெரிக்கக் கணினி நிரலாளர் குப்பை அஞ்சல் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தடைசெய்ய வேண்டிய சொற்களை மனிதரே பட்டியலிடுவதற்குப் பதிலாக, கணினியையே எண்ணச் சொல்லலாம் என்றார். ஒரு குவியலில் குப்பை அஞ்சல்கள், இன்னொன்றில் நல்ல அஞ்சல்கள். ஒவ்வொரு சொல்லும் எந்தக் குவியலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். புதிய கடிதம் வந்தால், அதில் நன்மைக்கோ தீமைக்கோ மிக வலுவான சாட்சி சொல்லும் 15 சொற்களை எடுத்துக் கணக்கிட வேண்டும். அவருடைய கணக்கில் ff0000 என்ற குறியீடு, ஆபாசச் சொற்களுக்கு நிகராகக் குப்பை அஞ்சலைக் காட்டிக்கொடுத்தது. அது இணைய மொழியில் பளிச்சென்ற சிவப்பு நிறத்தைக் குறிப்பது. எந்த மனிதரும் அதைத் தடைப்பட்டியலில் எழுதியிருக்க மாட்டார்.

இதை நம் கழகத்தின் கடிதத்தில் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ‘இலவசம்’ என்ற சொல் 100 குப்பை அஞ்சல்களில் 30இலும், 100 நல்ல அஞ்சல்களில் 10இலும் வருகிறது என்று கொள்வோம். அதன் எடை 3க்கு 1. ‘இன்றே பதில் தருக’ என்பதன் எடை 4க்கு 1. இரண்டையும் பெருக்கினால் 12க்கு 1. தொடக்கத்தில் இரு பக்கமும் சம வாய்ப்பு என்று வைத்தால், கடிதம் குப்பையாக இருக்கும் வாய்ப்பு 13இல் 12, அதாவது ஏறக்குறைய 92 விழுக்காடு.

இப்போது அதே கடிதத்தில், அந்த இரண்டையும் நீக்காமல், ஆய்வைப் பற்றி ஒரு வரி சேர்ப்போம். ‘அம்மோனியா’ நல்ல அஞ்சலில் 20 மடங்கு அதிகம் வருகிறது. ‘நீர் மாதிரி’ 10 மடங்கு அதிகம் வருகிறது. இந்தப் பக்கம் 20ஐ 10ஆல் பெருக்கினால் 200. ஆகவே விகிதம் 12க்கு 200. குப்பை என்ற வாய்ப்பு 6 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

இதுவே நான் சொல்ல வந்த முதல் செய்தி. ‘இலவசம்’ என்ற ஒரு சொல் கடிதத்தைக் கொல்லவில்லை. அந்தச் சொல்லைத் தவிர அதில் வேறு விவரமே இல்லாததுதான் கொன்றது. யாருக்கும் எதற்கும் பொருந்தும் பொத்தாம்பொதுவான வாசகங்களைத்தான் குப்பை அஞ்சல்காரர்களும் எழுதுகிறார்கள். சிலர் வடிகட்டியை ஏமாற்ற எண்ணி எழுத்துகளுக்கு நடுவே புள்ளியும் கோடும் போட்டு F-R-E-E என்று எழுதுவார்கள். நேர்மையானவர் யாரும் அப்படி எழுதுவதில்லை என்பதால், அது இன்னும் வலுவான சாட்சியாகிவிடுகிறது.

சுட்டியும் கோப்பும்

அழுத்தினால் ஒரு தளத்துக்குக் கொண்டுபோகும் சுட்டியை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியும் முகவரி ஒன்று, உண்மையில் போகும் இடம் வேறு என்றால் வடிகட்டி உஷாராகிவிடும். இதோ அப்படிப்பட்ட ஒன்று:

```
<a href="https://example.net/a7x">https://example.edu</a>
```

படிப்பவருக்கு இரண்டாவது முகவரிதான் தெரியும். அழுத்தினால் முதலாவதுக்குப் போவார். வங்கிக் கணக்கைத் திருடுபவர்களின் பழைய உத்தி இது. முகவரியைச் சுருக்கித் தரும் சேவைகளும் இதே சந்தேகத்தைக் கிளப்பும். போகும் இடம் மறைந்திருப்பது ஒரு காரணம். அதே சுருக்க முகவரியைப் பல மோசடிக்காரர்களும் பயன்படுத்தியிருப்பது இன்னொரு காரணம். கண்காட்சிப் பக்கத்தின் முழு முகவரியை ஒரே ஒரு முறை அப்படியே தருவது போதும்.

இணைப்புக் கோப்புகளின் மீதுள்ள சந்தேகத்துக்கும் வரலாறு உண்டு. 2000ஆம் ஆண்டு மே மாதம், LOVE-LETTER-FOR-YOU.TXT.vbs என்ற கோப்பு உலகெங்கும் மின்னஞ்சலில் பரவியது. நடுவில் இருந்த TXT என்பதைப் பார்த்து அதைச் சாதாரண எழுத்துக்கோப்பு என்று நம்பித் திறந்தவர்கள் பலர். உண்மையில் அது ஒரு நிரல். திறந்ததும் அவர்களுடைய முகவரிப் பட்டியலில் இருந்தவர்களுக்கெல்லாம் தன்னையே அனுப்பிக்கொண்டது. அதற்குப் பின் வந்த வடிகட்டிகள், இயங்கக்கூடிய கோப்புகளையும், கடவுச்சொல் போட்டுப் பூட்டிய zip கோப்புகளையும் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன. பூட்டிய கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று அவற்றால் பார்க்க முடியாது.

நம் மாணவர்கள் அடிக்கடி செய்வது இன்னொன்று. அழகான சுவரொட்டி ஒன்றை வடிவமைத்து, அந்தப் படத்தை மட்டும் மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். எல்லா விவரமும் படத்துக்குள் இருக்கிறது; எழுத்தாக ஒரு வரிகூட இல்லை. சற்று முன் பார்த்த கணக்கில், காப்பாற்ற வேண்டிய ‘அம்மோனியா’ என்ற சொல் எண்ணிக்கைக்கே வராமல் போகலாம். வடிகட்டிக்கு அகப்படாமல் இருக்க விளம்பரத்தைப் படமாக்கி அனுப்புவது குப்பை அஞ்சல்காரர்களும் கையாண்ட வழிதான்.

யார் அனுப்பியது, எப்படி அனுப்பியது?

இதுவரை சொன்னவை கடிதத்துக்குள் இருப்பவை. இன்றைய பெரிய அஞ்சல் சேவைகள் கடிதத்துக்கு வெளியேயும் பார்க்கின்றன. நேற்றுத் திறந்த கணக்கிலிருந்து இன்று 120 பேருக்கு ஒரே கடிதம் போகிறதா? அதில் எத்தனை முகவரிகள் செத்துப்போனவை? பெற்றவர்களில் எத்தனை பேர் ‘இது குப்பை’ என்ற பொத்தானை அழுத்தினார்கள்?

கடைசிக் கேள்வி மிகக் கடுமையானது. நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புபவர்களுக்கு, 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் ஒரு விதி வைத்திருக்கிறது: குப்பை என்ற புகார் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது. அதாவது 1,000 கடிதங்களுக்கு 3 பேர். நம் கழகத்துக்கு இந்த விதி நேரடியாகப் பொருந்தாது. ஆனால் 120 பேரில் இருவர் எரிச்சலில் அந்தப் பொத்தானை அழுத்தினாலே 1.7 விழுக்காடு என்று நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரின் குப்பை அஞ்சல் கட்டுப்பாட்டுச் சட்டமும், 24 மணி நேரத்தில் ஒரே பொருள் பற்றி 100க்கு மேல் அனுப்பினால் அதை மொத்த அஞ்சல் என்று வகுக்கிறது. அச்சட்டம் வணிக அஞ்சலுக்கானது. ஆனாலும் 120 என்பது சிறிய எண்ணிக்கை அல்ல என்பதற்கு அது நல்ல அளவுகோல்.

அனுப்புநர் முகவரியும் முக்கியம். மொத்த அஞ்சல் அனுப்பும் இலவசச் சேவை ஒன்றில் நுழைந்து, அனுப்புநர் இடத்தில் உங்கள் ஜிமெயில் முகவரியைப் போட்டால், கடிதம் கூகுளின் கணினியிலிருந்து கிளம்பாது. பெறும் கணினி, அந்தக் களப்பெயரின் சார்பில் அனுப்ப இந்தக் கணினிக்கு உரிமை உண்டா என்று SPF பதிவில் பார்க்கும். DKIM என்ற மின் கையெழுத்தையும் சரிபார்க்கும். இவை அனுப்புநர் முகவரியோடு பொருந்தாவிட்டால், நீங்கள் எழுதியது உண்மையாக இருந்தாலும் ஆள்மாறாட்டம் போலத்தான் தெரியும்.

சோதிப்பது எளிது. கடிதத்தை முதலில் உங்கள் இன்னொரு ஜிமெயில் கணக்குக்கு அனுப்புங்கள். கணினியில் அதைத் திறந்து Show original என்பதைத் தேர்ந்தெடுத்தால் SPF, DKIM, DMARC என்ற மூன்று வரிகளும் தெரியும். மூன்றிலும் PASS என்று இருக்க வேண்டும். வேறொரு சேவையில் உள்ள நண்பருக்கும் அனுப்பி, எந்தப் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேளுங்கள்.

பன்னிரண்டு போதும்

சின்னவர்களின் குரலை இயந்திரம் அடைப்பது அநியாயம் என்று சிலர் வாதிடலாம். அதில் உண்மை உண்டு. வடிகட்டி தவறே செய்யாது என்று நானும் சொல்லமாட்டேன். பெரிய சேவைகள் தங்கள் கணக்கை முழுமையாக வெளியிடுவதில்லை. ஒழுங்காக எழுதிய கடிதமும் சில நேரம் சிக்கிக்கொள்ளும். அதனால்தான் ஒரு வாரம் கழித்து அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, ‘எங்கள் கடிதம் வந்ததா?’ என்று பணிவாகக் கேட்பது நல்லது. குப்பைப் பெட்டியில் கிடந்தால், ‘குப்பை அல்ல’ என்று குறிக்கச் சொல்லலாம். நீங்கள் அடுத்து எழுதும் கடிதத்துக்கும் அது உதவும்.

ஆனால் 120 பேருக்கு ஒரே கடிதம் எழுதியவர், அந்த 120 பேரில் யாரைப் பற்றியும் யோசிக்கவில்லை என்பதும் உண்மைதானே? என் ஆலோசனை, 12 பேரைத் தேர்ந்தெடுங்கள் என்பதே. ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனித்தனியாக எழுதுங்கள். தலைப்பில் ‘அவசரம்!!!’ என்பதற்குப் பதிலாக ‘கிள்ளான் ஆற்று நீர் ஆய்வு: நடுவராக வர அழைப்பு’ என்று போடுங்கள். முதல் வரி இப்படி இருக்கலாம்: ‘ஆற்றில் மூன்று இடங்களில் எடுத்த நீர் மாதிரிகளில் அம்மோனியாவை அளந்தோம், தாங்கள் நீர்த் தரம் பற்றி ஆய்வு செய்வதால் தங்களுக்கு எழுதுகிறோம்.’ பள்ளியின் பெயரும், ஆசிரியரின் பெயரும், பள்ளித் தொலைபேசி எண்ணும் கீழே இருக்கட்டும். சுவரொட்டியைப் பதில் வந்த பிறகு அனுப்பலாம்.

இப்படி எழுதிய கடிதத்தில் ‘நுழைவு இலவசம்’ என்ற வரி இருந்தாலும் பயப்படத் தேவையில்லை. அதைத் தாங்கும் எடை மறுபக்கத்தில் இருக்கிறது.